பங்களா நாற்காலியும் முக்காலியும்: படத்தில் மர மூட்டுகளைப் படிப்பது எப்படி?

கேள்வி: ஐயா, என் தாத்தா குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பங்களாவைக் காலி செய்தபோது அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு முக்காலியும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். பழைய சாமான் வியாபாரி ஒருவர், “இது வெள்ளைக்காரர் காலத்து ரூர்க்கி நாற்காலி, முக்காலி அதன் ஜோடி, இரண்டும் ஈட்டி மரம்” என்கிறார். அது சரியா? படத்தைப் பார்த்து வகையையும், மரத்தை மரத்தோடு இணைத்திருக்கும் மூட்டு எது என்பதையும் சொல்ல முடியுமா? நாற்காலியின் முன்கால் ஒன்று ஆடுகிறது. ஆணி அடித்தால் போதும் என்கிறார்கள், அடிக்கலாமா? – வாசகர், குன்னூர்

பதில்: ஆணி அடிக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம், இது ஒன்றுதான் அவசரம். நாற்காலி ரூர்க்கி அல்ல, பிளான்டர் சேர். முக்காலி அதன் ஜோடி அல்ல. வேறு ஒருவர், வேறு மரத்தில், வேறு முறையில் செய்தது. முக்காலி ஈட்டி இல்லை என்று இந்தப் படத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நாற்காலி ஈட்டியா என்பதற்கு இன்னொரு படம் வேண்டும்.

பழைய நாற்காலியின் படம் வந்தால் நான் முதலில் கடைசல் வேலையையோ பாலிஷையோ பார்ப்பதில்லை. அதெல்லாம் யாரும் யாரைப் பார்த்தும் செய்யக்கூடியது. உட்காருபவரின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பார்ப்பேன். அதை வைத்தே பெரும்பாலான மர நாற்காலிகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடலாம். ஒன்றில் இருக்கைப் பலகைதான் ஆதாரம். தடிமனான ஒரே பலகையில் கீழிருந்து கால்களைச் சொருகியிருப்பார்கள். முதுகுக் கம்பிகள் இருந்தால் அவற்றை அதே பலகையில் மேலிருந்து சொருகியிருப்பார்கள். காலுக்கும் முதுகுக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. இங்கிலாந்தின் விண்ட்சர் நாற்காலி இந்தக் குடும்பம், உங்கள் முக்காலியும் இதே குடும்பம். மற்றதில் சட்டம்தான் ஆதாரம். கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஒன்றோடொன்று கோத்து முதலில் ஒரு கூடு செய்துவிடுவார்கள். பலகையோ பிரம்போ துணியோ அதன்மேல் பிறகு வருவது, அதை எடுத்துவிட்டாலும் கூடு நிற்கும். உங்கள் நாற்காலி இந்த இரண்டாம் வகை. ஒன்றாக வாங்கிய ஜோடியில் இப்படி ஒன்று அந்தக் குடும்பமாகவும் மற்றது இந்தக் குடும்பமாகவும் இருப்பது மிக அரிது. இரண்டும் ஒரே வராந்தாவில் கிடந்திருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, ரூர்க்கிக்கு வருவோம். நம் மலையில் பழைய சாய்வு நாற்காலி எதைக் கண்டாலும் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ரூர்க்கியை அடையாளம் காண்பதுபோல எளிது வேறில்லை. வங்காள சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இருந்த வட இந்திய ஊரான ரூர்க்கியின் பெயரைத் தாங்கியது அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய கூடார நாற்காலி. நான்கு கடைந்த கால்கள். ஒவ்வொரு காலிலும் கூம்பாகக் குடைந்த இரண்டு துளைகள். அவற்றில் சொருகுவதற்கு முனை கூம்பிய நான்கு உருட்டுச் சட்டங்கள். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. தோலோ கேன்வாஸோ இருக்கையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஆள் உட்கார்ந்ததும் அந்த இழுப்பே மூட்டுகளை இறுக்கிக்கொள்ளும். கைக்கு மரமே இருக்காது, தோல் வார்தான். முதுகு இரண்டு பக்கமும் ஒரு போல்ட்டில் சுழலும். மேடுபள்ளமான தரையில் வைத்தாலும் நான்கு கால்களும் தரையைத் தொடும், ஏனென்றால் மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டென்மார்க்கின் காரே கிளிண்ட் 1933-இல் வடிவமைத்த சஃபாரி நாற்காலி இதைப் பார்த்துச் செய்ததுதான்.

உங்கள் நாற்காலியில் பிரம்புப் பின்னல் இருக்கிறது. பிரம்பு பின்னவேண்டும் என்றால் சட்டம் அசையாமல் இருக்கவேண்டும். கழற்றி மாட்டுகிற சட்டத்தில் பின்னினால், முதல் தடவை கழற்றும்போதே பின்னல் போய்விடும். ஆக, அந்த ஒரு விஷயமே போதும், ரூர்க்கி இல்லை. பிளான்டர் சேர் என்று நான் சொல்வதற்குக் காரணம் கைகள். படத்தில் வலது கையின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கைக்கு இணையாக இன்னொரு மெல்லிய பலகை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அது தனிப் பலகை. முன்முனைக்குப் பக்கத்தில் ஒரு அச்சில் மாட்டியிருப்பார்கள். வெளியே திருப்பினால் கை முன்னோக்கி நீண்டுவிடும், அதன்மேல் காலை நீட்டிக்கொள்ளலாம். மலையேறி இறங்கி வந்தவர் பூட்ஸோடு காலைத் தூக்கிப் போட்டுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. இருக்கையும் முதுகும் தனித்தனியாக இல்லாமல் ஒரே வளைவாக ஓடுவதும், உட்காரும் இடம் முன்னால் உயர்ந்து பின்னால் இறங்குவதும் அதே வகைக்கு உரியவை. பலகை திரும்பவில்லை என்றால் பலம் கொண்டு இழுக்கவேண்டாம். அச்சுத் திருகு துருப்பிடித்திருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்துவிட்டுத் திருப்புங்கள்.

வகை தெரிந்துவிட்டது. ஆனால் வகை வயதைச் சொல்லாது. பிளான்டர் சேரை இன்றும் செய்து விற்கிறார்கள். இது எந்தக் கையால், எந்த முறையில் செய்யப்பட்டது என்று கேட்டால் மூட்டைத்தான் பார்க்கவேண்டும்.

முன்காலைக் கவனியுங்கள். மேலும் கீழும் உருட்டாகக் கடைந்திருக்கிறார்கள். நடுவில், பக்கச் சட்டம் வந்து சேரும் இடத்தில் மட்டும் கடையாமல் சதுரமாக விட்டிருக்கிறார்கள். அலங்காரத்துக்காக விட்டதில்லை அது. சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கிக் கழுந்தாக்கி, காலில் வெட்டிய நீள்சதுரத் துளைக்குள் சொருகுவார்கள். கழுந்தின் தோள், அதாவது நாக்கைச் சுற்றி நிற்கும் சட்டத்தின் விளிம்பு, காலின்மேல் இடைவெளி இல்லாமல் உட்கார, தட்டையான முகம் வேண்டும். அதனால்தான் அந்தச் சதுரம். அந்தச் சதுரத்தின் வெளிப்பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு புள்ளிகள் தெரிகின்றன. ஆடாத காலில் அவை தெளிவாக இருக்கின்றன, ஆடும் காலில் பாலிஷ் அழுக்கு மூடியிருக்கிறது. அவை மர முளைகளின் தலை. காலையும் உள்ளே இருக்கும் கழுந்தையும் சேர்த்துத் துளைத்து அடித்தவை.

இந்த முளைத் தலைகளைத்தான் பொறுமையாகப் படிக்கவேண்டும். மரம் சுருங்கும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை. குறுக்குவாக்கில் உண்டு. அதிலும் வளர் வளையத்தோடு ஒட்டிய திசையில், மையத்தை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். முளை காலுக்குள் குறுக்காகப் படுத்திருக்கிறது, ஆனால் முளையின் நார் அதன் நீளத்திலேயே ஓடுகிறது. எனவே கால் சுருங்கும், முளை நீளம் குறையாது. 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள கால் ஒரு சதவீதம் சுருங்கினால் அரை மில்லிமீட்டர். முளை இரண்டு பக்கமும் வெளியே வந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டர் துருத்திக்கொள்ளும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். படத்தில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருப்பதால், மேல்முளையின் ஒரு ஓரத்தில் மெல்லிய நிழல்கோடு விழுந்திருக்கிறது. அது துருத்தலின் நிழல்.

இதில் ஏமாற வழி உண்டு, அதையும் சொல்லவேண்டும். திருகாணி போட்டு, அதன் தலையை மறைக்க மேலே ஒரு வட்டத் துண்டு மரத்தை ஒட்டி இழைத்துவிடுவது இப்போது சாதாரணம். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் முளைபோலவே இருக்கும். வேறுபாடு நாரில் இருக்கிறது. உண்மையான முளையின் தலையில் தெரிவது நாரின் வெட்டுமுகம். அது பாலிஷை அதிகமாக உறிஞ்சி, சுற்றியிருக்கும் மரத்தைவிடக் கறுத்து, நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். மறைப்புத் துண்டை வெட்டுபவர்கள் பெரும்பாலும் அதன் நார் காலின் நாரோடு ஒத்துப்போகும்படி வெட்டுவார்கள். எனவே அதில் கோடுகள் தெரியும், புள்ளிகள் தெரியாது. அது துருத்தாது. சில சமயம் குழிந்துகூட இருக்கும். வடிவமும் பாருங்கள். இயந்திரத்தில் வெட்டிய துண்டு காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாக இருக்கும். உளியால் செதுக்கி அடித்த முளை கொஞ்சம் பலகோணமாக, ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். உங்கள் படத்தில் தெரியும் இரண்டும் கறுத்தவை, ஒன்று சற்றுச் சாய்சதுரம். மர முளைதான் என்று நம்பிச் சொல்கிறேன்.

இந்த முளை வெறும் பூட்டு மட்டுமல்ல. பழைய வேலைக்காரர்கள் காலில் உள்ள துளையையும் கழுந்தில் உள்ள துளையையும் நேராகப் போடமாட்டார்கள். கழுந்தின் துளையைத் தோள் பக்கமாக ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். கூரான முளையை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, கழுந்தை உள்ளே இழுத்து, தோளைக் காலோடு அழுத்திவிடும். பசை இல்லாமலேயே மூட்டு இறுகும். குன்னூர் மாதிரி இடத்தில் இதற்குத் தனி மதிப்பு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, வாரக்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும்போது, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய வச்சிரப் பசை ஈரத்தில் இளகும். பசையை மட்டும் நம்பிய மூட்டு அப்போது விட்டுக்கொடுக்கும். முளையடித்த மூட்டு நிற்கும்.

இதனால்தான் ஆணி வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் ஆணி அடித்தால், உள்ளே இருக்கும் கழுந்தை அது நாரோடு பிளக்கும். கழுந்து பிளந்தால் முளை பிடிக்க இடமில்லை, அதோடு மூட்டின் உயிர் போய்விடும். அப்புறம் இரும்பு மலை ஈரத்தில் துருப்பிடித்து, மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து, ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறையாகப் பரவும். அதை இழைத்து எடுக்கமுடியாது. ஆணியடித்துப் பிளந்த நல்ல நாற்காலிகள் என் பட்டறைக்கு வரும்போதெல்லாம் மனது வலிக்கிறது. ஆடிய மூட்டைச் சரிசெய்வதைவிட அந்த ஆணியை எடுக்கவே அதிக நேரமும் செலவும் ஆகிறது.

இனி, படம் சொல்லாத ஒன்று. இரண்டு கால்களுக்கு நடுவே கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் முளைத் தலை எதுவும் தெரியவில்லை. அங்கே கழுந்து இருக்கிறதா, அல்லது சட்டத்தின் முனையில் இரண்டு துளை போட்டு உருளைக் கட்டைகளை வைத்து இணைத்திருக்கிறார்களா என்பது, மூட்டு மூடியிருக்கும்வரை எந்தப் படத்திலும் தெரியாது. எவ்வளவு தெளிவான படம் என்றாலும் சரி. ஆனால் மூட்டு சிறிது விரிந்திருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மெல்லிய தாளை, பஸ் டிக்கெட் அளவு போதும், இடைவெளிக்குள் விடுங்கள். மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் ஒரு நீளம் முழுக்கத் தாள் உள்ளே போகாமல் நின்று, மேலும் கீழும் மட்டும் கொஞ்சம் போனால் உள்ளே இருப்பது கழுந்து. ஒரு இடத்தில் நின்று, பிறகு நடுவில் ஆழமாகப் போய், மறுபடி ஒரு இடத்தில் நின்றால் இரண்டு உருளைக் கட்டைகள். கட்டை இருந்தால் அந்தச் சட்டம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது நாற்காலியே இயந்திரப் பட்டறையில் செய்ததாக இருக்கலாம். மேலே முளையடித்த கழுந்தும் கீழே உருளைக் கட்டையும் இருந்தால், முதலாவதைத்தான் நான் நம்புவேன். கால் மோதி உடைவது எப்போதும் கீழ்ச்சட்டம்தான், மாற்றுவதும் அதைத்தான்.

கடைந்த காலை வைத்து வயது பார்க்கும் ஒரு வழக்கமும் உண்டு. உருட்டுக் கால் நாளாவட்டத்தில் ஒரு திசையில் அதிகம் சுருங்கி முட்டை வடிவமாகும் என்பது உண்மை. வெர்னியர் காலிப்பரால் ஒரே இடத்தில் இரண்டு திசையில் அளந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் ஈர மரத்தைக் கடைந்து விற்றாலும் ஒரு கோடையிலேயே அப்படி ஆகிவிடும். நன்றாகப் பதப்படுத்திய மரம் என்றால் நூறு ஆண்டுக்குப் பிறகும் வித்தியாசம் மிகச் சிறிதாக இருக்கும். அதனால் முட்டை வடிவத்தை மட்டும் வைத்து வயது சொல்பவரை நம்பாதீர்கள்.

முக்காலியில் அதே சுருக்கம் நமக்கு நன்றாக உதவும், ஏனென்றால் அங்கே அளவு பெரிது. இருக்கை ஒரே பலகையில் வெட்டிய வட்டம். செய்தவர் ஆணியில் நூல் கட்டியோ கவராயம் வைத்தோ வட்டம் போட்டிருப்பார், அன்று அது சரியான வட்டம். 300 மில்லிமீட்டர் வட்டப் பலகை, நாருக்குக் குறுக்கே இரண்டு சதவீதம் சுருங்கினால் 6 மில்லிமீட்டர் குறைந்துவிடும். நார் ஓடும் திசையில் 300 அப்படியே இருக்கும். இதை டேப் வைத்தே அளக்கலாம். படத்தில் அளக்கவேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. காமிரா சற்றுச் சாய்ந்தாலும் எந்த வட்டமும் முட்டையாகத்தான் தெரியும். ஒரு எவர்சில்வர் தட்டை இருக்கையின் நடுவில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். தட்டு படத்தில் வட்டமாக இருந்து இருக்கை மட்டும் முட்டையாக இருந்தால் சுருக்கம் உண்மை. தட்டும் முட்டையாக இருந்தால் படத்தை மறுபடி எடுங்கள்.

முக்காலியின் மூட்டு இந்தப் படத்திலேயே அழகாகத் தெரிகிறது. இருக்கையின் மேல்முகத்தில் மூன்று வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு. காலின் முனையை உருட்டாகச் செதுக்கி, பலகையை முழுக்கத் துளைத்து மேலே வரும்படி சொருகி, முனையில் வாள்வெட்டுப் போட்டு, அதில் ஆப்பு அடித்திருக்கிறார்கள். அந்தக் கோடு ஆப்பு. அது பலகையின் நாருக்குக் குறுக்கே நிற்கிறதா, நாரோடு ஓடுகிறதா என்று பாருங்கள். உங்கள் முக்காலியில் மூன்றும் குறுக்கே நிற்கின்றன. விஷயம் தெரிந்தவர் செய்தது. நாரோடு ஆப்பை வைத்தால், அது விரியும்போது பலகையை விறகு பிளப்பதுபோலப் பிளந்துவிடும். கால்கள் வெளிப்பக்கமாக விரிந்திருப்பதும் வேலைக்காரரின் கணக்கு. உட்காரும்போது கால் துளைக்குள் மேலும் ஏறுமே தவிரக் கழன்று விழாது. மூன்று கால் என்பதால் எந்தத் தரையிலும் ஆடாது. ஆனால் இந்த மூட்டை வைத்து இது எந்தக் காலத்தது என்று சொல்லமுடியாது. பல நூற்றாண்டுகளாக உலகெங்கும் இதே மாதிரிதான் செய்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள்.

மரத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொன்னதன் காரணம் இருக்கையின் முகம். பாலிஷ் தேய்ந்த இடத்தில் வெளிர் செம்பழுப்பு நிறம், அதன்மேல் நெருக்கமாகப் பளபளக்கும் சிறு செதில்கள், சரிகை போட்டதுபோல. அது சில்வர் ஓக். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் அதே மரம். எஸ்டேட்டில் நிழல் மரம் கவாத்துச் செய்யும்போதும் விழும்போதும் பலகை கிடைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் முக்காலி எஸ்டேட் ஆசாரி கையில் உருவானதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. விலையில் அது நாற்காலிக்கு நிகராகாது. ஆனால் நீலகிரிக்கே உரிய பொருள் எது என்று கேட்டால் நான் முக்காலியைத்தான் எடுப்பேன். அதன்மேல் கறுப்புச் சாயம் ஏற்றி ஈட்டி ஆக்க யாரையும் விடாதீர்கள்.

நாற்காலியின் மரத்துக்கு வெளிப்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. சாயம் கலந்த பாலிஷ் பூசினால் தேக்கும் ஈட்டியாகத் தெரியும். நாற்காலியைக் கவிழ்த்துப் பிரம்பு கட்டிய சட்டத்தின் அடியைப் பாருங்கள். கையால் பின்னிய பிரம்பு என்றால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும், பிரம்பு ஒவ்வொரு துளையிலும் ஏறி இறங்கும். அந்தத் துளைகளின் உள்சுவரில் பாலிஷ் போயிருக்காது, மரத்தின் சொந்த நிறம் அங்கேதான். டார்ச் அடித்துப் பாருங்கள். ஊதா கலந்த கரும்பழுப்பில் கறுப்பு வரிகள் ஓடினால் ஈட்டி. தேன் நிறத்தில், வளர் வளையம் தெளிவாகத் தெரிந்து, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தேக்கு. துளையே இல்லாமல், சட்டத்தின் மேல்முகத்தில் ஒரு பள்ளம் ஓடி அதில் பிரம்புப் பாயை ஒரு பட்டையால் அமுக்கி வைத்திருந்தால் அது ஆலையில் நெய்த பிரம்பு. சட்டத்தில் பழைய துளைகளை அடைத்த தடமும், கூடவே புதுப் பள்ளமும் இருந்தால் நாற்காலி பழையது, பிரம்பு மட்டும் பின்னால் மாற்றியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கைப்பலகையின் அச்சுத் திருகையும் ஒருமுறை பாருங்கள். தலையில் நட்சத்திர வெட்டு இருந்தால் 1930-களுக்குப் பிந்தைய திருகு. ஆனால் திருகை யாரும் மாற்றலாம், அது நாற்காலியின் வயது ஆகாது.

ஆடும் காலுக்கு இப்போது செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அதில் யாரையும் உட்காரவிடாமல், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தள்ளி, சுவரோரமாக வையுங்கள். ஜனவரி முடிந்து பனி குறைந்து, பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்திருக்கும்போது பிரிக்கலாம். ஈரத்தில் உப்பிய கழுந்துக்கு அளவெடுத்து ஒட்டினால் கோடையில் மறுபடி ஆடும். பிரிப்பதற்கு முன், முளை காலின் உள்பக்கம் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் மெலிந்த முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமிருந்து, முளையைவிடச் சிறிய கம்பியை வைத்துத் தட்டி வெளியேற்றலாம். வராவிட்டால் முளையின் நடுவில் அதைவிட மெல்லிய துளை போட்டு, மிச்சத்தை உளி முனையால் பெயர்த்தெடுக்கவேண்டும். முளையை எடுக்காமல் சுத்தியலால் சட்டத்தைத் தட்டினால் கழுந்து உள்ளேயே ஒடியும். கழுந்து சுருங்கித் தளர்ந்திருந்தால் அதன் தட்டையான பக்கத்தில் அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டி, கையால் அழுத்தினால் ஏறும் அளவுக்கு இழைத்து, வச்சிரப் பசை தடவிச் சொருகி, புதிய முளை அடிக்கவேண்டும். வச்சிரத்தையே கேளுங்கள். அடுத்த தலைமுறையில் யாராவது பிரிக்கவேண்டி வந்தால் வெந்நீர் பட்டதும் விடும். வெள்ளைப் பசையைச் சுத்தமாக எடுப்பது கடினம், அது இருக்கும் இடத்தில் அடுத்த பசை ஒட்டாது.

எனக்கு இன்னும் நான்கு படங்கள் அனுப்பினால் நல்லது, ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன் மூன்று, பிரித்த பிறகு ஒன்று. தட்டு வைத்த முக்காலி ஒன்று. கவிழ்த்த நாற்காலியின் பிரம்புத் துளைகள் ஒன்று. ஆடும் காலின் சதுரத்தை, ஃபிளாஷ் போடாமல், ஒரு பக்கம் மட்டும் டார்ச்சைத் தரையோடு பிடித்து எடுத்தது ஒன்று. நாலாவது, மூட்டு பிரிந்த அன்று வெளியே வந்த பழைய முளை. அதைக் குப்பையில் போட்டுவிடாமல் ஒரு தாளின்மேல் வைத்து எடுங்கள். முளை நடுவில் லேசாக வளைந்திருந்தால் துளைகளைத் தள்ளிப் போட்டுத்தான் அடித்திருக்கிறார்கள், புதிய முளையையும் அதே துளைகளில் கூராக்கி அடிக்கச் சொல்லுங்கள். நேராக இருந்தால் துளைகள் ஒரே நேரில் இருக்கின்றன என்று அர்த்தம். அப்போது புதிய முளை அந்த மூட்டை இழுத்துப் பிடிக்காது, பசை நன்றாகக் காயும்வரை ஒரு கிளாம்ப் கட்டாயம் வேண்டும்.